கால் பெருவிரலில் கவுட், ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.35: கிரியேட்டின் மாவை நிறுத்த வேண்டுமா?

கொக்குவிலான்

வணக்கம். வயது 34. கடந்த ஆண்டிலிருந்து ஒழுங்காக ஜிம்முக்குப் போகிறேன். சித்திரைக்குப் பிறகு தினமும் 5 கிராம் கிரியேட்டின் எடுக்கத் தொடங்கினேன். பெட்டியில் கிரியேட்டின் மொனோஹைட்ரேற் என்பதைத் தவிர வேறு எதுவும் எழுதப்படவில்லை.

சென்ற மாதம் ஓர் இரவு வலது கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கிவிட்டது. போர்வையின் நுனி பட்டாலும் பொறுக்க முடியவில்லை. காலையில் செருப்பின் வாருக்குள் கால் நுழையவில்லை. வைத்தியர் பார்த்துக் கவுட் என்றார், கொல்கிசின் தந்தார். அன்று எடுத்த இரத்தத்தில் யூரிக் அமிலம் 6.4. சில வாரங்களின் பின் மறுபடி எடுத்தபோது 7.9. அதே ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.35, ஈஜிஎப்ஆர் 71. முன்பு ஒருமுறை வேலைக்காக எடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் 1.1 ஆக இருந்தது.

ஜிம்மில் பாதிப் பேர் கிரியேட்டின்தான் யூரிக் அமிலத்தைக் கூட்டியது என்கிறார்கள். மீதிப் பேர் தொடர்பே இல்லை என்கிறார்கள். அப்பாவுக்கும் கவுட் உண்டு. உறுதியாகத் தெரிந்தது எது, யாரோ சொல்லிப் பரவியது எது என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் இருந்தால் உதவியாக இருக்கும்.

மானிப்பாய் ஓய்வூதியர்

தம்பி, எனக்குக் கிரியேட்டினின் 2.1. பத்து வருடங்களுக்கு மேலாகக் கிளினிக்குக்குப் போகிறேன். அது கூடினால் சிறுநீரகம் பழுதாகிறது என்று அர்த்தம். அதைப் பெட்டியில் அடைத்து விற்கிறார்களா? காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறீர்களா? இன்றே குப்பையில் போடுங்கள்.

பருத்தித்துறை மருந்தாளர்

ஐயா, உங்கள் ரிப்போர்ட்டில் வருவதும் தம்பி சாப்பிடுவதும் ஒன்றல்ல. கிரியேட்டின் நம் தசைகளுக்குள் இருக்கும் பொருள். உடலே அதைத் தயாரிக்கிறது, மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கிறது. அது நாளடைவில் சிதைந்து மிஞ்சுவதுதான் கிரியேட்டினின். சிறுநீரகம் அதை வெளியே தள்ளுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் கிரியேட்டினின் இரத்தத்தில் தேங்குகிறது, உங்களுக்கு நடந்தது அது. ஆனால் சிறுநீரகம் நன்றாக இருந்தும், உடலில் கிரியேட்டின் அதிகம் இருப்பதாலேயே அந்த எண் சற்று ஏறலாம். உங்கள் நிலையில் யாரும் இந்த மாவைத் தொடக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தம்பியின் கேள்வி வேறு.

மூட்டில் பளிங்காகப் படிந்து கவுட்டை உண்டாக்கும் யூரிக் அமிலம் இன்னொரு பாதையில் வருவது. உயிரணுக்களின் மரபுப் பொருளிலும், ஏ.ரி.பி. என்ற சக்திப் பொருளிலும் பியூரின் என்ற பகுதி இருக்கிறது. அது உடைந்து கடைசியில் யூரிக் அமிலமாகிறது. கிரியேட்டின் பியூரின் அல்ல. அது உடைந்தாலும் யூரிக் அமிலம் வராது. இது எந்த உயிர்வேதியியல் வகுப்பிலும் தகராறில்லாத விடயம்.

தம்பி, சில கேள்விகள். விரல் வலிக்குக் கொல்கிசின் தவிர வேறு குளிசை போட்டீர்களா? மாவை எதில் கலந்து குடிக்கிறீர்கள்? அண்மையில் வேகமாக எடை குறைத்தீர்களா? மதுவா, கள்ளா? பிரஷருக்கு ஏதாவது மருந்து?

பளுதூக்கி

மருந்தாளர் அண்ணா பாதியில் நிறுத்திவிட்டார். நான் பலருக்குப் பயிற்சி கொடுக்கிறேன், ஆகையால் மீதியைச் சொல்கிறேன். கிரியேட்டின் யூரிக் அமிலத்தைக் கூட்டாதது மட்டுமல்ல, குறைக்கும். கடுமையாகப் பளு தூக்கும்போது ஏ.ரி.பி. தீர்ந்துபோகிறது. ஈடுகட்ட முடியாமல் போனால் அது மேலும் மேலும் உடைந்து ஹைப்போக்சாந்தின் ஆகி, பிறகு யூரிக் அமிலமாகிறது. தசையில் கிரியேட்டின் நிறைய இருந்தால் ஏ.ரி.பி. உடனுக்குடன் மீண்டும் உருவாகிறது, உடைந்து வீணாவது குறைகிறது. இது சோதனைகளில் நிரூபிக்கப்பட்டது. எனவே கவுட் உள்ளவர்கள்தான் முக்கியமாக எடுக்க வேண்டும். தம்பி, தொடருங்கள்.

பருத்தித்துறை மருந்தாளர்

நீங்கள் சொன்ன சங்கிலி சரி. ஓட்டம், சைக்கிள் போன்ற குறுகிய கடும் பயிற்சியை அடுத்தடுத்துச் செய்யவைத்து இரத்தம் எடுத்த சில சிறிய சோதனைகளில், கிரியேட்டின் எடுத்தவர்களுக்கு ஹைப்போக்சாந்தின் குறைவாக ஏறியதும் உண்மை. ஆனால் அது பயிற்சி முடிந்த கையோடு அளந்தது, ஆரோக்கியமான இளைஞர்களிடம் அளந்தது. அதிலிருந்து "கவுட் நோயாளியின் யூரிக் அமிலம் குறையும்" என்பதற்குத் தாவ முடியாது. காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் யூரிக் அமிலத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது சிறுநீரகம் எவ்வளவு வெளியேற்றுகிறது என்பதுதான். பயிற்சியின் சில நிமிடங்களில் நடப்பது அதில் சிறு பங்கு.

கையில் உள்ள ஆதாரத்தை நான் இப்படி நிறுப்பேன். ஆரோக்கியமானவர்கள் வழமையான அளவில் எடுக்கும்போது யூரிக் அமிலம் கூடுவதாகச் சோதனைகள் காட்டவில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களை 21 மாதங்கள் வரை தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2003 இல் வெளிவந்தது. அதிலும் இரத்தப் பரிசோதனைகளில் கவலைப்படும்படியான மாற்றம் இல்லை. இது நல்ல செய்தி, ஆனால் அவர்கள் கவுட் இல்லாதவர்கள். ஏற்கெனவே கவுட் வந்தவர்களைத் திரட்டி, பாதிப் பேருக்குக் கிரியேட்டினும் பாதிப் பேருக்குப் பொய் மாவும் கொடுத்து, யாருக்கு மறுபடி மூட்டு வீங்கியது என்று எண்ணிப் பார்த்த பெரிய சோதனை எதுவும் இல்லை. அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதில் "ஆபத்து" என்று எழுதுவதும் ஊகம், "மருந்து" என்று எழுதுவதும் ஊகம்.

குருநகர் மகள்

எங்கள் அப்பா கடற்றொழிலாளி. வாழ்நாளில் ஒரு மாவும் சாப்பிட்டதில்லை. ஆனால் நண்டும் இறாலும் போட்ட ஒடியல் கூழ் குடித்த அடுத்த நாள் கால் வீங்கும். காய்ந்த நெத்தலி என்றாலும் அப்படித்தான். பெருவிரல், கணுக்கால் என்று மாறி மாறி வரும். மருந்தாளர் அண்ணா மீனில் கிரியேட்டின் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். மீன் சாப்பிட்டால் கவுட் வருகிறது, மீனில் கிரியேட்டின் இருக்கிறது. அப்படியென்றால் கிரியேட்டினுக்கும் பங்கு இருக்க வேண்டும் அல்லவா? என் அப்பாவின் உடம்பே சாட்சி.

ஆய்வுகூடத்து அக்கா

தங்கச்சி, இந்தச் சந்தேகம் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வருகிறவர்களிடமும் அடிக்கடி கேட்பது. மீனிலும் இறைச்சியிலும் இரண்டும் ஒரே தட்டில் வருகின்றன. கிரியேட்டினும் இருக்கிறது, பியூரினும் இருக்கிறது. நெத்தலியிலும் ஈரலிலும் பியூரின் மிக அதிகம். அப்பாவின் காலை வீங்கவைப்பது அந்தப் பியூரின். பெட்டியில் வரும் சுத்தமான கிரியேட்டினில் அது இல்லை. அடுப்படியில் கறி கொதிக்கும்போது வீடெல்லாம் மணப்பதால், அடுக்கில் கவிழ்த்து வைத்த சட்டிதான் மணக்கிறது என்று சொல்வது போன்றது இது.

அளவையும் பாருங்கள். ஒரு கிலோ பச்சை மாட்டிறைச்சியில் ஏறக்குறைய 4 முதல் 5 கிராம் கிரியேட்டின் இருக்கும். அதாவது கொக்குவில் தம்பி ஒரு நாளில் எடுப்பதை உணவிலிருந்து பெற ஒரு கிலோ இறைச்சி சாப்பிட வேண்டும். அப்படிச் சாப்பிடுகிறவருக்கு யூரிக் அமிலம் ஏறினால் பழி பியூரினுக்குத்தான் போகவேண்டும்.

அப்பா மருந்து எடுக்கிறாரா? கூழை மட்டும் தவிர்த்துக்கொண்டு மருந்தில்லாமல் இருந்தால் மூட்டு தேய்ந்துபோகும். கிளினிக்கில் காட்டுங்கள்.

குருநகர் மகள்

வலி வரும்போது மட்டும் குளிசை போடுவார், அக்கா. கிளினிக் என்றாலே கடலுக்குப் போகும் நாள் வீணாகிறது என்று கோபம். மறுபடி சொல்லிப் பார்க்கிறேன். கிரியேட்டின் விடயம் இப்போது விளங்குகிறது.

கொக்குவிலான்

மருந்தாளர் அண்ணாவுக்குப் பதில். விரல் வீங்கிய இரவே பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போட்டேன். வலி முழுதும் அடங்கவில்லை என்பதால் இரண்டாவது இரத்தப் பரிசோதனை வரையிலும் இடையிடையே போட்டிருக்கிறேன். அதற்கு முன்பும் தோள்பட்டை நோவுக்கு அதைத்தான் போடுவது வழக்கம்.

மாவை நெல்லிரசத்தில் கலந்து குடிக்கிறேன். இனிப்போடு எடுத்தால் தசைக்குள் நன்றாக ஏறும் என்று ஜிம்மில் சொன்னார்கள். ஒரு பெரிய கோப்பை காலையில், இன்னொன்று பயிற்சி முடிந்து. வெயில் காலம் என்பதால் வீட்டிலும் தண்ணீருக்குப் பதில் அதுதான் கரைத்து வைப்பார்கள். மது இல்லை. பிரஷர் மருந்து இல்லை. வைகாசியில் வயிறு குறைய வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை விட்டேன், எடை வேகமாக இறங்கியது.

பருத்தித்துறை மருந்தாளர்

நான் கேட்க நினைத்தது இதைத்தான். நெல்லியை நான் குறை சொல்லவில்லை. போத்தலில் வரும் ரசத்தில் நெல்லியைவிடச் சீனி அதிகம். சீனியின் பாதி புரக்டோஸ். பளுதூக்கி சொன்ன அதே சங்கிலியை இப்போது கல்லீரலில் பாருங்கள். புரக்டோஸ் வந்தவுடன் கல்லீரல் அதைக் கையாள ஏ.ரி.பி.யை மளமளவென்று செலவழிக்கிறது. ஈடுகட்டும் வேகத்தைவிடச் செலவழியும் வேகம் கூட என்பதால் ஏ.ரி.பி.யின் மிச்சம் உடைந்து யூரிக் அமிலமாகிறது. இது ஊகம் அல்ல, மனிதர்களிடம் சில மணி நேரத்துக்குள் அளந்து பார்த்த விடயம். இனிப்புப் பானம் அதிகம் குடிப்பவர்களுக்குக் கவுட் கூடுதலாக வருவதையும் நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அடுத்தது பட்டினி. வேகமாக எடை இறங்கும்போது உடல் கொழுப்பை எரிக்கிறது, அப்போது வரும் கீற்றோன்கள் சிறுநீரகத்தில் யூரிக் அமிலம் வெளியேறும் வழியை அடைக்கின்றன. கடும் பயிற்சியில் வரும் லக்ரிக் அமிலமும் அதையேதான் செய்கிறது. வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குறைந்தால் இன்னும் மோசம். இவை எல்லாவற்றுக்கும் கீழே அப்பாவிடமிருந்து வந்த உடல்வாகு இருக்கிறது.

கிரியேட்டின், புதிய பயிற்சி, சீனித் தண்ணீர், பட்டினி நான்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உங்கள் உடலுக்குள் வந்திருக்கின்றன. விரல் வீங்கியதும் எல்லோரும் பெட்டியை நோக்கித்தான் கையை நீட்டினார்கள், ஏனென்றால் அதுதான் புதியதாகவும் வெளிநாட்டுப் பொருளாகவும் கண்ணில் படுகிறது. நெல்லிரசத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

வல்வை வாசகன்

கனடாவில் இருக்கும் என் மச்சானுக்கும் இதுவே நடந்தது. கிரியேட்டின் எடுத்தார், கவுட் வந்தது, நிறுத்தினார், பிறகு வரவே இல்லை. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? ஆய்வு செய்கிறவர்கள் மாவு விற்பவர்களிடம் பணம் வாங்குகிறார்கள். அனுபவம் பொய் சொல்லாது.

ஆய்வுகூடத்து அக்கா

மச்சான் நிறுத்தியபோது அதை மட்டுமா நிறுத்தினார், தம்பி? கவுட் வந்தவர் வழக்கமாகப் பியரையும் விடுவார், இறைச்சியையும் குறைப்பார், தண்ணீரும் கூடக் குடிப்பார். முதல் தாக்குதலுக்குப் பின் ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஒன்றும் வராமல் இருப்பது, எதையும் நிறுத்தாதவர்களிடமும் சாதாரணம். ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தது யார் என்று கேட்பது நியாயம், கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்டுவிட்டு ஓர் ஆளின் கதையை அந்த இடத்தில் வைக்க முடியாது.

கொக்குவில் தம்பியின் எண்களுக்கு வருகிறேன். முதலில் அந்த 6.4. கவுட் தாக்குதல் நடக்கும் நேரத்தில் இரத்தத்தில் யூரிக் அமிலம் இறங்கிக் காட்டுவது வழக்கமான ஒன்று. "அளவு சரியாக இருக்கிறது, இது கவுட் இல்லை" என்று அந்த நேரத்து எண்ணை வைத்து யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தாக்குதல் அடங்கி இரண்டு வாரங்களாவது கழித்து எடுப்பதுதான் உங்கள் உண்மையான அளவுக்குக் கிட்ட இருக்கும். ஆகவே 6.4 இலிருந்து 7.9 க்கு "ஏறிவிட்டது" என்று எண்ண வேண்டாம். 6.8 அளவைத் தாண்டினால் யூரிக் அமிலம் கரைந்திருக்க இடமில்லாமல் பளிங்காகத் தொடங்கலாம். 7.9 அதற்கு மேலே இருக்கிறது. இது பல ஆண்டுகளாகவே அப்படி இருந்திருக்கலாம், முன்பு யாரும் அளக்கவில்லை.

அடுத்தது கிரியேட்டினின். எனக்கு இதுதான் கூடிய கவலை. ஈஜிஎப்ஆர் என்பது சிறுநீரகத்தை நேரே அளந்த எண் அல்ல. கிரியேட்டினின், வயது, பால் மூன்றையும் சூத்திரத்தில் போட்டுக் கணித்தது. உங்கள் வயதுக்குக் கிரியேட்டினின் 1.1 என்றால் ஏறக்குறைய 90 வரும், 1.35 என்றால் 71 வரும். சூத்திரத்துக்கு நீங்கள் கிரியேட்டின் எடுப்பதும் தெரியாது, தசை கூடியதும் தெரியாது, முதல் நாள் இரவு இறைச்சிக் கறி சாப்பிட்டதும் தெரியாது. எண் கூடினால் சிறுநீரகம் குறைந்தது என்று மட்டும்தான் அது நினைக்கும்.

அதே நேரம் டைக்ளோபெனாக் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை உண்மையாகவே குறைக்கக்கூடிய குளிசை. வியர்த்துக் காய்ந்த உடலில் இன்னும் கூட. எனவே உங்கள் 1.35 இல் மாவு செய்த தோற்றம் எவ்வளவு, குளிசை செய்த உண்மைப் பாதிப்பு எவ்வளவு என்று இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து என்னால் சொல்ல முடியாது. யாராலும் முடியாது. "அது கிரியேட்டின்தான், பயப்படாதே" என்று ஜிம்மில் சொன்னால் அதையும் ஏற்க வேண்டாம். அப்படிச் சொல்லி உண்மையான சிறுநீரகப் பாதிப்பு மறைந்துபோனால் யார் பொறுப்பு?

உயிர்வேதி மாணவி

ஒரு சிறு கேள்வி. கிளைசின், ஆர்ஜினின், மெதியோனின் மூன்றையும் கொண்டுதான் உடல் கிரியேட்டினைத் தயாரிக்கிறது. வெளியிலிருந்து எடுத்தால் உடல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும் என்று படித்தோம். அப்போது கிளைசின் மிச்சப்படும். பியூரின் வளையத்தைக் கட்டுவதற்கும் கிளைசின் தேவை. ஆக, மிஞ்சிய கிளைசின் பியூரினாக மாறி யூரிக் அமிலத்தைக் கூட்டலாம் அல்லவா? இதை யாரும் பேசுவதில்லை.

பருத்தித்துறை மருந்தாளர்

தங்கச்சி, நன்றாக யோசித்திருக்கிறீர்கள், படித்ததும் சரி. ஆனால் பியூரின் உற்பத்தியின் வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது கிளைசின் அல்ல, சங்கிலியின் தொடக்கத்தில் வரும் பி.ஆர்.பி.பி. என்ற பொருளும் அதைக் கையாளும் நொதியுமே. கிளைசின் நம் உணவில் வேறு வழியாகவும் தாராளமாக வருகிறது.

இதில் எனக்கு இன்னொன்று முக்கியமாகப் படுகிறது. பளுதூக்கி ஒரு வேதிப் பாதையைக் காட்டிக் குறையும் என்றார். நீங்கள் இன்னொரு பாதையைக் காட்டிக் கூடும் என்கிறீர்கள். இரண்டு பாதைகளும் புத்தகத்தில் இருப்பவை. எது வெல்லும் என்பதைப் பாதை வரைபடம் சொல்லாது, மனிதரின் இரத்தத்தை அளந்தால்தான் தெரியும். ஆரோக்கியமானவர்களிடம் அளந்தபோது எந்தப் பக்கமும் பெரிதாகச் சாயவில்லை. அதனால்தான் நான் கவுட் நோயாளிகளைப் பற்றி இரு பக்கமும் வாய் திறக்க மறுக்கிறேன்.

பளுதூக்கி

அண்ணா சொல்வதைப் பார்த்தால் யாரும் ஒன்றும் செய்யக்கூடாது என்பதுபோல் இருக்கிறது. தம்பி என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்லுங்கள்.

ஆய்வுகூடத்து அக்கா

சொல்கிறேன். கிரியேட்டினையும் டைக்ளோபெனாக்கையும் இன்றே நிறுத்துங்கள். தசையில் சேர்ந்த கிரியேட்டின் பழைய நிலைக்கு இறங்க நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும், ஆகவே அடுத்த வாரமே ஓடிவந்து இரத்தம் கொடுத்துப் பயனில்லை. அந்த வாரங்கள் கழிந்ததும் முதல் நாள் கடும் பயிற்சி வேண்டாம், முதல் நாள் இரவு இறைச்சி வேண்டாம், தண்ணீர் வழமைபோல் குடித்து, முன்பு எடுத்த அதே ஆய்வுகூடத்தில் காலையில் கொடுங்கள். கூடவே சிறுநீரில் அல்புமின் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி கசிகிறதா என்பதை அது காட்டும், கிரியேட்டின் மாவு அதை ஏமாற்றாது. முடிந்தால் சிறுநீரகத்தைப் பார்க்கும் இன்னொரு இரத்தப் பரிசோதனையான சிஸ்ரற்றின் சி. அது தசையையும் மாவையும் பெரிதாகப் பொருட்படுத்தாது. எல்லா ஆய்வுகூடங்களிலும் செய்யமாட்டார்கள், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெல்லிரசத்தை இந்த வாரங்களில் முன்போலவே குடித்து வாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தினால் எது எதைச் செய்தது என்று பிறகு தெரியாது.

பருத்தித்துறை மருந்தாளர்

கடைசி வரியில் எனக்கு உடன்பாடில்லை, அக்கா. அவருக்கு விரல் ஒருமுறை வீங்கியாகிவிட்டது. சீனித் தண்ணீர் கெடுதல் என்று தெரிந்தபின் கணக்குச் சுத்தமாக வர வேண்டும் என்பதற்காக ஒரு மாதத்துக்கு மேல் குடிக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்றே நிறுத்தலாம்.

ஆய்வுகூடத்து அக்கா

புரிகிறது. ஆனால் மூன்றையும் ஒன்றாக நிறுத்தி யூரிக் அமிலம் இறங்கினால், ஊர் முழுவதும் "பார்த்தீர்களா, கிரியேட்டின்தான்" என்று சொல்லும். அவரும் வாழ்நாள் முழுக்க அதையே நம்புவார். தம்பி முடிவெடுக்கட்டும்.

கொக்குவிலான்

இடையில் எழுதவில்லை, மன்னிக்கவும். அக்கா சொன்ன வரிசையில் செய்தேன். வைத்தியருக்கும் கிரியேட்டின் எடுத்ததைச் சொன்னேன். முன்பு அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. மாவும் டைக்ளோபெனாக்கும் நிறுத்தியபின் வந்த ரிப்போர்ட்: கிரியேட்டினின் 1.12, ஈஜிஎப்ஆர் 88, சிறுநீரில் அல்புமின் இல்லை, யூரிக் அமிலம் 7.7.

அதன்பிறகு நெல்லிரசத்தை விட்டுவிட்டு மாவில்லாமல் வெறும் தண்ணீர். இரவுப் பட்டினியையும் விட்டேன், இப்போது எடை மெதுவாக இறங்குகிறது. நேற்று வந்த ரிப்போர்ட்டில் யூரிக் அமிலம் 7.1.

வல்வை வாசகன்

7.9 லிருந்து 7.7. நிறுத்தியதும் இறங்கியிருக்கிறதே!

ஆய்வுகூடத்து அக்கா

ஒரே ஆளிடம் இன்றும் நாளையும் எடுத்தாலே யூரிக் அமிலம் அந்த அளவுக்கு ஆடும், தம்பி. 0.2 ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான் வாசிப்பது இவ்வளவுதான்: கிரியேட்டினின் எண் மாவையோ குளிசையையோ, இரண்டையுமோ பின்தொடர்ந்து இறங்கியது, சிறுநீரகம் இப்போது நன்றாக இருக்கிறது. மாவை நிறுத்தியதில் யூரிக் அமிலம் அசைந்ததாகத் தெரியவில்லை. 7.1 க்கு இறங்கியதில் நெல்லிரசத்துக்குப் பங்கு இருக்கலாம், பட்டினி நின்றதற்கும் இருக்கலாம், அந்த இரண்டையும் அவர் ஒன்றாகச் செய்துவிட்டார். இதுவும் ஓர் ஆளின் கணக்கு, இவருக்கு மட்டும் பொருந்தும்.

பளுதூக்கி

அப்படியென்றால் மறுபடி தொடங்கலாம். தடை எதுவும் இல்லையே. வெறும் தண்ணீரில் 3 கிராம், தொடக்கத்தில் 20 கிராம் ஏற்றும் வேலை வேண்டாம்.

பருத்தித்துறை மருந்தாளர்

7.1 இன்னும் 6.8 க்கு மேலே. மூட்டுக்குள் பழைய பளிங்குகள் இருக்கும். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினோல் மருந்து பற்றி வைத்தியர் என்ன சொன்னார்?

கொக்குவிலான்

ஒரே ஒரு தாக்குதல்தான் என்பதால் உடனே கட்டாயமில்லை என்றார். முதல் ரிப்போர்ட்டில் ஈஜிஎப்ஆர் 71 ஐப் பார்த்தபோது, அது இன்னும் இறங்கினால் மருந்து தொடங்க வேண்டி வரும் என்று சொல்லியிருந்தார். இப்போது 88 என்றதும் அந்தப் பேச்சை ஒத்திவைத்தார். ஆனால் அப்பாவின் விரல்களைப் பார்த்திருக்கிறேன், மூட்டுகளில் கட்டி கட்டியாக இருக்கிறது. மருந்து தொடங்கிவிடலாமா என்று நானே கேட்கப் போகிறேன். அடுத்த மாதம் கிளினிக். கிரியேட்டினையும் அப்போதே மீண்டும் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

பருத்தித்துறை மருந்தாளர்

இரண்டையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம், தம்பி. அலோபியூரினோல் தொடங்கி யூரிக் அமிலம் இறங்கும் முதல் மாதங்களில், மூட்டில் படிந்த பளிங்குகள் கலைந்து தாக்குதல் வருவது அடிக்கடி நடக்கும். அதைத் தடுக்கத்தான் குறைந்த அளவில் தொடங்கி, கூடவே சில மாதங்கள் கொல்கிசினும் தருவார்கள். அந்த நேரத்தில் விரல் வீங்கினால் நீங்கள் கிரியேட்டினைக் குற்றம் சொல்வீர்கள், இல்லையென்றால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அலோபியூரினோலை நிறுத்துவீர்கள். இரண்டாவதுதான் பெரிய இழப்பு. மருந்து எடுப்பதாக முடிவானால் யூரிக் அமிலம் 6 க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கும்வரை பெட்டியைத் திறக்க வேண்டாம். அதன்பின் எடுக்க விரும்பினால், தொடங்குவதற்கு முன் ஒருமுறை கிரியேட்டினினும் யூரிக் அமிலமும் பார்த்து வைத்துக்கொண்டு, தொடங்கியபின் மறுபடி பாருங்கள். கிளினிக் புத்தகத்தில் "கிரியேட்டின் எடுக்கிறார், நாளுக்கு இவ்வளவு" என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

பளுதூக்கி

6 க்குக் கீழே வர எத்தனை மாதம் ஆகும்? அதுவரை காத்திருக்கச் சொல்வதற்கு என்ன ஆதாரம்? ஆபத்து என்று நீங்களே ஊகிக்க மறுத்தீர்கள்.

பருத்தித்துறை மருந்தாளர்

கிரியேட்டின் ஆபத்து என்பதால் காத்திருக்கச் சொல்லவில்லை. விரல் மறுபடி வீங்கினால் காரணத்தைத் தேடும்போது குழப்பம் வரக்கூடாது என்பதால் சொல்கிறேன். இது என் தொழில் அனுபவத்தில் எடுக்கும் முடிவு, ஆய்வு சொன்னது அல்ல. நீங்கள் மாறுபடலாம்.

பளுதூக்கி

மாறுபடுகிறேன். ஆனால் இனிப்பில் கலக்கச் சொல்வதை எங்கள் ஜிம்மில் இன்றோடு நிறுத்துகிறேன். தண்ணீரில் எடுத்தாலும் தசை நிரம்பத்தான் போகிறது, சற்றுத் தாமதமாகும், அவ்வளவே.

மானிப்பாய் ஓய்வூதியர்

எல்லாவற்றையும் வாசித்தேன். என் 2.1 க்கு மாவு காரணம் இல்லை என்பது தெளிவு. ஆனால் முழங்கால் நோவுக்கு நான் பல வருடங்களாகப் போடும் குளிசையின் பெயரும் டைக்ளோபெனாக். கிளினிக்கில் கேட்டபோது பிரஷர் குளிசைகளின் பெயரை மட்டும்தான் சொன்னேன். இதை யாரிடம் சொல்ல வேண்டும்?

ஆய்வுகூடத்து அக்கா

ஐயா, அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். இன்றிலிருந்து அதைப் போடாதீர்கள். குளிசை மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக் காலையே வைத்தியரைப் போய்ப் பாருங்கள். முழங்காலுக்கு வேறு மருந்து அவர் தருவார்.